லீவு மனு போல இருந்த என் வேலை மனு

2025 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் நடு வரை 11 இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. "வேண்டாம்" என்றுகூட யாரும் சொல்லவில்லை. எட்டு வருடம் வீட்டில் இருந்தவளை யார் கூப்பிடுவார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, இடைவெளியைவிட அதை நான் எழுதிய விதம்தான் பெரிய தடையாக இருந்தது என்று.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயாவில். 2007இல் பெயர் மாறினாலும் எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. மலேசியாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம், 1917இல், எங்கள் பக்கத்தில்தான். அதனால் இங்கே ஒரு பெண் அலுவலக வேலை தேடினால் அது பெரும்பாலும் தோட்டத்துச் சம்பளக் கணக்கோடு சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான். 2004 முதல் 2017 வரை ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணி. கடைசி ஆறு வருடம் சுமார் 140 பேருடைய செக்ரோல் என்ற வேலைப் பதிவேடும் சம்பளமும் என் கையில்.

2017 ஜூனில் அப்பாவுக்குப் பக்கவாதம். ஜூலையில் நான் வேலையை விட்டேன். அண்ணன் ஜொகூரில், தங்கை கைக்குழந்தையோடு கிள்ளானில். கல்யாணம் ஆகாத நான்தான் பக்கத்தில் இருந்தேன், அதனால் அதைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை. அப்பா 2024 தொடக்கத்தில் போனார். அம்மா இருக்கிறார், நடைக்கட்டை பிடித்து நடப்பார், சில நாள் என்னையே யார் என்று கேட்பார். 2025 நடுவில் தங்கை குடும்பத்தோடு எங்கள் தாமானுக்கே குடிவந்தாள். பகலில் அம்மாவை அவள் பார்த்துக்கொள்வதாக முடிவானது. எனக்கு அப்போது 47.

ஆங்கிலத்தில் எழுதிய என் முதல் மின்னஞ்சல் எப்படித் தொடங்கியது என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும் தமிழில் சொல்லத்தான் வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா, நான் கடந்த எட்டு ஆண்டுகளாக எந்த வேலையிலும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதற்குக் காரணம் என் தந்தையார்..." அதற்குப் பிறகு நான்கு பத்திகள். அப்பாவுக்கு எந்தப் பக்கம் விழுந்தது, எத்தனை முறை மருத்துவமனையில் சேர்த்தோம், அம்மாவின் மறதி, என் தியாகம் (அந்தச் சொல்லையே போட்டிருந்தேன்). கடைசிப் பத்தியில்தான் நான் சம்பளக் கிராணியாக இருந்தேன் என்ற செய்தி வரும். அதையும் "ஓரளவு அனுபவம் உண்டு" என்று எழுதியிருந்தேன். 13 வருடம் ஓரளவாம்.

எங்கள் தாமானில் ஓய்வுபெற்ற பெரிய கிராணி ஒருவர் இருக்கிறார். வேறு தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் இருந்தவர், ஆள் எடுக்கும்போது மனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போனபோது கைத்தொலைபேசியைக் காட்டி, "ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்றேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இது வேலைக்கு மனுவா, லீவுக்கு மனுவா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "லீவு கேக்குறவங்கதான் வீட்டுக் கஷ்டத்தை எழுதுவாங்க. இதைப் படிக்கிற மனேஜருக்கு உங்கப்பா மேல பாவம் வரும். ஆனா செக்ரோல் போட ஒரு ஆள் கிடைச்சுட்டாங்கன்னு வராது."

பிறகு அவர் தன் தொலைபேசியை எடுத்து, "எனக்கு அதை அனுப்பு" என்றார். அனுப்பினேன். வந்து விழுந்ததைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டோம். அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் என் அண்ணன் மகன் பெயர். கோவிட் காலத்தில் எனக்கு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்தவன் அவன்தான், தன் பெயரையே போட்டு வைத்திருந்திருக்கிறான். பொருள் வரியில் `Re: job`. அதற்குக் கீழே மங்கலாகத் தெரிந்த முதல் சில சொற்கள்: எட்டு ஆண்டுகளாக எந்த வேலையிலும் இல்லை. திறந்து படிப்பதற்கு முன்பே ஒரு மனேஜர் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். யாரோ ஒரு பையன், எட்டு வருடம் சும்மா இருந்திருக்கிறான்.

இதை 11 முறை அனுப்பியிருக்கிறேன். அனுப்பும் முன் ஒருமுறையாவது வேறொருவர் தொலைபேசிக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். நம்முடைய தொலைபேசியில் பார்த்தால் நம் பெயர் எப்படிப் போகிறது என்று தெரியாது.

இணைப்பும் ஒரு கூத்து. எஸ்பிஎம் சான்றிதழ், டைப்பிங் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய பாராட்டுக் கடிதம் என்று 14 படங்கள், எல்லாம் `IMG_` என்று தொடங்கும் பெயரில். ரெஸ்யூமே அவற்றில் ஒன்பதாவது. பெரிய கிராணி சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இரண்டு பக்க ரெஸ்யூமே ஒரே கோப்பாக, பெயரிலேயே வேலையும் தெரியும்படி: `Resume_Kerani_Gaji.pdf`. சான்றிதழ்களை நேர்காணலுக்குக் கையில் கொண்டுபோனால் போதும்.

இன்னொன்று, மொழி. விளம்பரம் மலாயில் இருந்தது, நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், அதுதான் மதிப்பு என்று நினைத்து. என் மலாய் நன்றாக இருக்கும், 13 வருடம் அதில்தான் அறிக்கை எழுதினேன். என் ஆங்கிலமோ தடுமாறும். விளம்பரம் எந்த மொழியோ அந்த மொழியில் எழுத வேண்டும் என்பது இவ்வளவு தாமதமாகப் புரிந்தது.

ஆனால் இவையெல்லாம் ஒரு மாலையில் சரிசெய்யக்கூடியவை. உண்மையான சிக்கல் வேறு. பெரிய கிராணி அதைக் கேள்வியாகவே கேட்டார். "2017ல சம்பளம் போட்டவ. இன்னைக்குப் போடத் தெரியுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நான் வேலையை விட்டபோது தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரிங்கிட். 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 38.46, அது எனக்குத் தூக்கத்திலும் வரும். இன்றைக்கு 1,700, ஒரு நாளுக்கு 65.38. செய்தியில் கேட்டிருந்தேனே தவிர, அந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. நான் விட்டபோது இபிஎஃப் சேமநிதிக்குத் தொழிலாளர் பங்காக 8 விழுக்காடு பிடித்தோம், இப்போது 11. வேலைக் காப்புறுதி என்று ஒன்று அப்போது கிடையவே கிடையாது, 2018 ஜனவரியில்தான் வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று இருந்தது 2023 ஜனவரியிலிருந்து 45 ஆகிவிட்டது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2019 தொடக்கத்தில் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

எட்டு வருட இடைவெளி என்றால் முதலாளிக்கு இதுதான் பயம். நான் பெற்றோரைப் பார்த்தேனா, ஊர் சுற்றினேனா என்பது அவருக்கு இரண்டாவது. என் தலைக்குள் இருக்கும் கணக்கு பழையதா புதியதா என்பதுதான் முதல். என் நான்கு பத்தியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இரண்டு வாரம் உட்கார்ந்தேன். அம்மா தூங்கும் நேரம், இரவு ஒன்பதரைக்கு மேல். இபிஎஃப், சொக்சோ இரண்டும் தங்கள் சந்தா அட்டவணைகளை இணையத்தில் வைத்திருக்கின்றன, காசு செலவில்லை. வெறுமனே படித்தால் மறுநாள் மறந்தது. அதனால் எக்செலில் ஐந்து கற்பனைத் தொழிலாளர்களை உண்டாக்கி ஒரு மாதச் சம்பளப் பட்டியல் போட்டேன். உள்ளூர்க்காரர் மூவர், வெளிநாட்டுக்காரர் இருவர். ஒருவருக்கு ஓவர்டைம், ஒருவர் மாத நடுவில் சேர்ந்தவர்.

போடும்போதுதான் தவறுகள் வெளிவந்தன. வேலைக் காப்புறுதி இரு தரப்பும் 0.2 விழுக்காடு என்று படித்து 1,700ஐப் பெருக்கினேன், 3.40 வந்தது. அட்டவணையைப் பார்த்தால் 3.30. சொக்சோவைப் போலவே அதுவும் சம்பளப் படிநிலை பார்த்துப் பிடிக்க வேண்டியது, நேரடியாகப் பெருக்கக்கூடாது. பத்து காசுதானே என்று தோன்றும். 140 பேருக்கு அப்படிப் போட்டால் மாதக் கடைசியில் கணக்கு ஒட்டாது, எங்கே பிசகியது என்று தேடியே ஒரு நாள் போய்விடும்.

மாத நடுவில் சேர்ந்தவர் கணக்கில் இன்னும் பெரிய இடறல். என் பழைய பழக்கம் 26ஆல் வகுத்து வேலை செய்த நாளால் பெருக்குவது. மாதச் சம்பளக்காரர் முழு மாதம் வேலை செய்யாவிட்டால், அந்த மாதத்தில் எத்தனை நாட்களோ அவ்வளவால் வகுக்க வேண்டும் என்று 2023இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் சொல்கிறது. ஓவர்டைமுக்கு 26, அரைகுறை மாதத்துக்கு 30 அல்லது 31. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி குளிர்பெட்டியில் ஒட்டிவைத்தேன். அம்மா அதைப் பார்த்து, "நாலு நம்பரா எடுக்கப் போற?" என்று கேட்டார். அன்றைக்கு நல்ல நாள் அவருக்கு.

அதிர்ஷ்டம் என்று சொல்லத்தக்க ஒன்றும் நடந்தது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் கட்டாயமானது, வீட்டுப் பணியாளர்கள் நீங்கலாக. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. 1,700 சம்பளத்துக்கு ஆளுக்கு 34 ரிங்கிட். தொகை சின்னது. வேலை பெரியது. ஒவ்வொருவர் பெயரும் கடப்பிதழில் உள்ளபடியே பதிய வேண்டும், செக்ரோலில் நாம் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் கூப்பிடு பெயர். தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் குத்தகைக்காரர்கள் இதற்குத்தான் கிராணி தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெக்கான் கடைத்தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு விளம்பரம் பார்த்தேன். இந்தக் கணக்கு எல்லோருக்குமே புதிது, இதில் மட்டும் நான் யாருக்கும் எட்டு வருடம் பின்தங்கியவள் இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் புது மின்னஞ்சலை எழுதினேன். பொருள் வரி: `Permohonan Kerani Gaji - 13 tahun pengalaman ladang`. சம்பளக் கிராணி வேலைக்கு மனு, தோட்டத்தில் 13 வருட அனுபவம், அவ்வளவுதான். உள்ளே மலாயில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா,

பெக்கானில் ஒட்டியிருந்த சம்பளக் கிராணி வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 2004 முதல் 2017 வரை செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்தேன். கடைசி 6 ஆண்டுகள் சுமார் 140 தொழிலாளர்களின் செக்ரோல், மாதச் சம்பளம், இபிஎஃப், சொக்சோ ஆகியவை என் பொறுப்பு.

2017 ஜூலை முதல் வயதான பெற்றோரைக் கவனிக்க வேலையிலிருந்து விலகியிருந்தேன். இப்போது வீட்டில் பகல் நேரத்துக்கு நிலையான ஏற்பாடு இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை முழுநேரம் வர முடியும்.

இடையில் மாறிய விதிகளைப் படித்து, ஐந்து பேருக்கு மாதிரிச் சம்பளப் பட்டியல் ஒன்று தயாரித்திருக்கிறேன். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம், வாரம் 45 மணி நேரம், வேலைக் காப்புறுதி, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான 2 விழுக்காடு இபிஎஃப் ஆகியவை அதில் உள்ளன. பட்டியலை இணைத்துள்ளேன். இப்போதைய சம்பள மென்பொருள் எதையும் நான் பயன்படுத்தியதில்லை. எக்செல் நன்றாகத் தெரியும்.

2022 முதல் எங்கள் ஊர்க் கோயிலின் வரவு செலவுக் கணக்கை எழுதி வருகிறேன். கோயில் செயலாளர் என்னைப் பற்றிச் சொல்லச் சம்மதித்திருக்கிறார்.

நேர்காணலுக்கு எந்த நாளும் வர முடியும்."

கீழே பெயர், தொலைபேசி எண், ஊர். தொலைபேசி எண்ணை ரெஸ்யூமேயில் மட்டும் போட்டால் போதாது, இங்கே எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான் கூப்பிடுகிறார்கள்.

இடைவெளியைச் சொல்லும் அந்த மூன்று வரிக்கு மட்டும் மூன்று நாள் ஆனது. முதல் வரியில் எப்போது, எதற்காக. நோயின் பெயர் இல்லை, மரணம் இல்லை, தியாகம் இல்லை. இரண்டாவது வரியில் அந்தப் பொறுப்பு இப்போது என்ன நிலையில் இருக்கிறது. மூன்றாவதில் எந்த நாட்களில் வர முடியும். தங்கைதான் "பொறுப்பு முடிந்துவிட்டது என்று எழுதிவிடு, ஒரே வரியில் போகும்" என்றாள். அம்மா உயிரோடு இருக்கிறாரே. எழுத மனம் வரவில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மூன்றாவது மாதம் அம்மாவுக்கு மருத்துவமனைத் தேதி வரும், அன்றைக்கு நான் பொய்க்காரியாக நிற்க வேண்டும். "நிலையான ஏற்பாடு" என்பது உண்மை, போதுமானதும்கூட. மீதியை நேரில் கேட்டால் சொல்லலாம்.

இதை ஏன் ரெஸ்யூமேயில் மட்டும் விட்டுவைக்கவில்லை என்று அண்ணன் மகன் கேட்டான். மறைத்தாலும் 2017க்குப் பிறகு காலியாக இருப்பது ரெஸ்யூமேயில் கண்ணில் படத்தான் செய்யும். காரணம் எழுதாவிட்டால் படிப்பவரே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார், அது நமக்குச் சாதகமாக இருக்காது. ஆனால் முதல் பத்தியில் வேண்டாம். முதலில் 13 வருடம், பிறகு இடைவெளி. வரிசை மாறினால் மனுவே மாறிவிடுகிறது.

அவன் இன்னொரு யோசனையும் சொன்னான். பெற்றோரைப் பார்த்ததையே திறமையாக எழுத வேண்டுமாம். நேர மேலாண்மை, நெருக்கடி மேலாண்மை, பல தரப்போடு ஒருங்கிணைப்பு என்று. எனக்கு அது ஒட்டவே இல்லை. அப்பாவை இரவு மூன்று மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்ததற்கு அப்படி ஒரு பெயரா? செக்ரோல் தெரிந்த ஆளைத் தேடும் குத்தகைக்காரருக்கும் அது அர்த்தப்படாது. வேறு வேலைகளுக்கு, உதாரணமாக முதியோர் இல்லத்தில் வேலை கேட்டால், அதை எழுதியே ஆக வேண்டும், அங்கே அதுதான் அனுபவம். சம்பளக் கணக்கு வேலைக்குக் கோயில் கணக்குதான் பேசும். சங்கப் பதிவிலாகாவுக்கு ஒவ்வொரு ஆண்டும் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் அறிக்கை போக வேண்டும், அதற்கான கணக்கை மூன்று வருடமாக நான்தான் தயார் செய்கிறேன். அதைச் சம்பளமில்லாத வேலை என்று முதலில் எழுதாமலே விட்டிருந்தேன்.

கோயில் செயலாளரைச் சாட்சியாகப் போட்டதற்கும் காரணம் உண்டு. என் பழைய மனேஜர் ஓய்வுபெற்று எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, தோட்டமும் கை மாறிவிட்டது. எட்டு வருடம் கழித்துத் திரும்புகிறவர்களில் பலருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். வேலை செய்த கடிதமும் வீடு மாறியதில் தொலைந்துபோனது. கடைசியில் உதவியது இபிஎஃப் அறிக்கை. எந்த மாதத்துக்கு முதலாளி எவ்வளவு கட்டினார் என்று அதில் மாதவாரியாக இருக்கும். 2017 வரையிலான பக்கங்களை அச்செடுத்து நேர்காணலுக்கு வைத்துக்கொண்டேன். மின்னஞ்சலில் இணைக்கவில்லை, அதில் அடையாள அட்டை எண்ணும் சேமிப்பும் இருக்கிறது, முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும் தாள் இல்லை அது.

வேண்டாம் என்று விட்ட வேறு இரண்டு. அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப் வழியாக, குறைந்தது இரண்டு வருடம் விலகியிருந்து திரும்பும் பெண்களுக்கு வருமான வரி விலக்கு உண்டு. அதைக் குறிப்பிடலாமா என்று யோசித்தேன். நான் கேட்கப்போகும் சம்பளத்துக்கு வரியே வராது, அப்புறம் விலக்கு எதற்கு. மற்றது, வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்கும் உரிமை. 2023இலிருந்து எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அது வேலையில் இருப்பவருக்கான வழி, மறுக்கவும் முதலாளிக்கு இடமுண்டு. முதல் மின்னஞ்சலிலேயே அதை எழுதினால் பெரிய கிராணி சொன்ன லீவு மனு மறுபடி வந்துவிடும்.

இந்த மின்னஞ்சலை நான்கு இடங்களுக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் முதல் வரியில் விளம்பரத்தை எங்கே பார்த்தேன் என்பதை மாற்றினேன், ஓர் உரக்கடைக்கு அனுப்பியதில் செக்ரோலை எடுத்துவிட்டேன். இரண்டு இடத்திலிருந்து பதில். ஓர் இடத்தில் சம்பள மென்பொருள் தெரிந்தவர் வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வரியை நான் எழுதாமல் இருந்தால் நேர்காணல் வரை போய்த் திரும்பியிருப்பேன், பஸ் காசும் அரை நாளும் மிச்சம். மற்றது அறுவடைக் குத்தகைக்காரர் ஒருவருடைய அலுவலகம், பெக்கானில் கடைவீட்டு மாடியில். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி: "அந்தப் பட்டியல் நீங்களே போட்டதா?"

நேர்காணலில் முதலாளி, அவருடைய மனைவி, இருவரும் இருந்தார்கள். மேசை நிறைய கடப்பிதழ் நகல்கள். அக்டோபர் மாத இபிஎஃபை நவம்பர் 15க்குள் கட்ட வேண்டும், அதற்கு நான்கு நாள்தான் இருந்தது. அந்த அம்மா ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "ஒருத்தர் நவம்பர் 11 சேர்றாரு. மாசம் 1,700. எவ்வளவு குடுக்கணும்?"

கை தன்னாலே 26 என்று எழுதியது. வேலை நாள் 17, அப்படிப் போட்டால் 1,111 சொச்சம் வரும். குளிர்பெட்டித் தாள் ஞாபகம் வந்து அடித்துவிட்டு 30ஆல் வகுத்தேன். 11 முதல் 30 வரை 20 நாள், 1,133.33. அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர்கள் 26ஆல்தான் போட்டு வந்திருக்கிறார்கள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் அங்கேயே ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் அந்தக் கேள்வி. "அம்மாவுக்கு முடியலைன்னா மறுபடி நின்னுடுவீங்களா?" முதலாளி கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் கேட்டார். இதற்கு வீட்டிலேயே ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன், அதைச் சொல்லவில்லை. தங்கை பகலில் இருக்கிறாள் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைத் தேதி, அன்றைக்குக் காலையில் நான் போயாக வேண்டும், அம்மா வேறு யாரோடும் காரில் ஏற மாட்டார் என்றேன். அந்தத் தேதிகள் முன்கூட்டியே அட்டையில் எழுதித் தருவார்கள், சம்பள வாரத்திலோ 15ஆம் தேதியை ஒட்டியோ வந்தால் மாற்றிக் கேட்பேன் என்றும் சொன்னேன். அவர் மேசைமேல் இருந்த காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். "அடுத்தது எப்போ?" என்று கேட்டார்.

2,200 கேட்டேன், 2,100க்கு வந்தார்கள், மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்றார்கள். டிசம்பர் முதல் தேதி சேர்ந்தேன். முதல் வாரம் முழுவதும் கடப்பிதழைப் பார்த்துப் பெயர் திருத்தும் வேலைதான். செக்ரோலில் "ராஜு" என்று மட்டும் இருந்த மூவரும் மூன்று வேறு ஆட்கள்.